தட்டோடு போன எட்டுப் பேர்

ஆரணியில் வக்கீல் பவுல்துரையைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் சுபலட்சுமியைத் தாண்டியாக வேண்டும். அது அவ்வளவு சுலபமான காரியமில்லை. குமாஸ்தா என்றால் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு வக்கீலுக்குப் பின்னால் நடப்பவர் என்று நினைத்து வருகிறவர்கள், நாற்பத்தொன்பது வயசு அம்மாள் ஒருத்தி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்து, "உக்காருங்க. நடந்தத மட்டும் சொல்லுங்க. நியாயத்த அப்பறம் பேசிக்கலாம்" என்று சொல்வதைக் கேட்டதும் பாதி ஆடிப்போய்விடுவார்கள். மீதிப் பாதி, அவள் கேட்கிற கேள்விகளில் ஆடிவிடும்.

இருபத்து மூன்று வருஷமாக அவள் அந்த மேசையில் இருக்கிறாள். படித்தது பிளஸ் டூ. சட்டப் புத்தகத்தைப் பவுல்துரை புரட்டுவதற்குள் பிரிவு எண்ணைச் சொல்லிவிடுவாள். புதுச் சட்டம் வந்து எண்களெல்லாம் மாறியபோது ஊரில் பாதி வக்கீல்கள் புலம்பிக்கொண்டிருந்தார்கள். இவள் ஒரு நோட்டில் பழைய எண், புது எண் என்று இரண்டு பத்தியாக எழுதி ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டாள். கோர்ட்டு வளாகத்தில் எந்த வக்கீலும் அவளை ஒருமையில் கூப்பிடுவதில்லை. அந்த மரியாதை யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை, அவளாகச் சம்பாதித்தது.

போன ஆடி மாசம் ஒரு திங்கட்கிழமை மதியம், சேவூரிலிருந்து ரேணுகாதேவி வந்தாள். கூடவே அவள் புருஷனின் தாய்மாமன் வேடியப்பன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. சேவூரில் எந்த வீட்டில் சண்டை என்றாலும் சமாதானம் பேச முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் தோரணை நாற்காலியில் உட்காருவதிலேயே தெரிந்தது.

ரேணுகாதேவியின் புருஷன் தமிழ்செல்வன் பட்டு நெசவாளி. இருபத்தேழு வயசு. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு கட்டியிருந்தான். ஒரு தறிக்கு வேண்டிய ஆயிரக்கணக்கான பட்டு இழைகளையும் நீளமாக இழுத்துக் கட்டி, மூங்கில் கோல்களை முட்டுக் கொடுத்து நிறுத்தி, சிக்கெடுத்துச் சீராக்குகிற வேலை. அந்த நேரத்தில் வண்டிக்காரர்கள் சுற்றிக்கொண்டு போவது சேவூரில் எழுதாத சட்டம். அன்றைக்கு அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த மினி வேன் டிரைவர் அருள்தாஸ் வெளியூர்க்காரர். அவருக்கு அந்தச் சட்டம் தெரியாது. ஓரமாகப் போய்விடலாம் என்று நுழைத்தார். வேனின் பக்கக் கண்ணாடியில் பாவு மாட்டிக்கொண்டது. அறுந்தது அறுந்ததுதான். தமிழ்செல்வன் மூங்கில் கோலை உருவி, இறங்கி வந்த டிரைவரை இரண்டு போடு போட்டான். ஒன்று தலையில், ஏழு தையல். இன்னொன்று தடுக்க வந்த இடது மணிக்கட்டில்.

"அப்பறம்?" என்றாள் சுபலட்சுமி.

ரத்தத்தைப் பார்த்ததும் பயந்து, கோலை அங்கேயே போட்டுவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு கலசப்பாக்கத்தில் இருக்கிற அக்கா வீட்டுக்கு ஓடிவிட்டான். போனையும் அணைத்து வைத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை போலீஸ் அங்கே போய்ப் பிடித்தது. திங்கள் காலையில் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தி, பதினைந்து நாள் ரிமாண்டில் வேலூர் சிறைக்கு அனுப்பியாயிற்று.

"ஓடாம வூட்லயே இருந்திருந்தா பாதி வேல மிச்சம்" என்றாள் சுபலட்சுமி. "ஏழு வருஷத்துக்கு உள்ள தண்டன இருக்குற கேசுல போலீஸ் ஒடனே புடிச்சி உள்ள போடணும்னு இல்ல. நோட்டீஸ் குடுத்துக் கூப்புட்டு விசாரிக்கலாம். இவன் மேல போட்டிருக்குறது ஆயுதத்தால அடிச்ச பிரிவு, மூணு வருஷம் வரைக்கும் தண்டன. ஆனா ஓடினவனுக்கு இன்னா நோட்டீஸ் குடுப்பான்? 'தலைமறைவு'ன்னு எழுதிட்டான் பாருங்க, அதான் இப்ப நம்ம தலைவலி."

"அடிச்சது தப்புதாம்மா" என்றார் வேடியப்பன். "அதுக்கு ஜெயிலா? பாவு அறுந்தா எங்களுக்கு இன்னா ஆவும்னு அந்த மாஜிஸ்ட்ரேட்டுக்குத் தெரியுமா? அதச் சொன்னா வுட்டுட மாட்டாங்களா?"

"பெரியவரே, யார் மேல தப்புன்னு இப்ப கோர்ட்டு பாக்காது. அது கேசு நடக்கும்போது. இப்பக் கேக்குறது வேற. இவன வெளிய வுட்டா ஓடிடுவானா? சாட்சியக் கலைப்பானா? மறுபடியும் அடிப்பானா? பழைய கேசு கீசு இருக்குதா? அடிபட்டவனுக்குக் காயம் எந்த மட்டும்? இதுக்கெல்லாம் நல்ல பதில் இருந்தா ஜாமீன். ஜாமீன்னா வுடுதலைன்னு நெனச்சிக்காதீங்க. கூப்புட்டப்ப வந்து நிப்பேன்னு குடுக்குற வாக்கு, அவ்ளோதான்."

ரேணுகாதேவி முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள். "அவரு அங்க சோறே துன்னலையாம்க்கா" என்றாள். "காலைல வண்டில ஏத்தும்போது என் மூஞ்சியப் பாக்கல. நான் கெட்டவன் ஆயிட்டேன் தேவின்னு மட்டும் சொன்னாரு."

உள்ளே போன இளவட்டங்களைச் சுபலட்சுமி நிறையப் பார்த்திருக்கிறாள். முதல் வாரம் அழுவார்கள். இரண்டாம் வாரம் அழுகை நின்றுவிடும். மாசக்கணக்கில் கிடந்தால், உள்ளே இருக்கிறவர்களோடு பழகி, நாமும் இவர்களில் ஒருத்தன்தான் என்று மனசுக்குள் ஒப்புக்கொண்டுவிடுவார்கள். அப்புறம் வெளியே வந்தாலும் வந்த மாதிரி இருக்காது. அறுபது நாளில் போலீஸ் குற்றப்பத்திரிகை போடாவிட்டால் கேட்டு வாங்கிக்கொள்கிற ஜாமீன் ஒன்று உண்டுதான். ஆனால் அறுபது நாளை இந்தப் பெண்ணிடம் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"மறைச்சது எதுனா இருக்குதா?" என்று வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "பழைய கேசு, வேற தகராறு, எதுவா இருந்தாலும் இப்பவே சொல்லிடுங்க."

"ஒண்ணும் இல்லம்மா" என்றார் வேடியப்பன். ரேணுகாதேவி அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். சுபலட்சுமி அதைக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. பின்னாளில் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், தன் வாழ்க்கையில் விட்ட பிழைகளில் அது ஒன்று என்று அவளே ஒப்புக்கொள்வாள்.

செவ்வாய்க்கிழமை மனுப் போட்டார்கள். வியாழக்கிழமை விசாரணைக்கு வந்தது. பவுல்துரை நன்றாகத்தான் பேசினார். முன் வழக்கு எதுவும் இல்லை, சொந்த ஊர், சொந்த வீடு, நெசவாளர் சங்க உறுப்பினர், திட்டமிட்டுச் செய்ததல்ல, ஆத்திரத்தில் நடந்தது என்று அடுக்கினார். அரசுத் தரப்பு வழக்கறிஞர் எழுந்தார். அவரைக் குறை சொல்லவே முடியாது. அவர் வேலையை அவர் ஒழுங்காகச் செய்தார்.

"அடிபட்டவர் இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மணிக்கட்டு எக்ஸ்ரே அறிக்கை வரவில்லை. எலும்பு முறிந்திருந்தால் பிரிவே பெரிதாக மாறும். எதிரியான தமிழ்செல்வன் தலைமறைவாக இருந்து பிடிபட்டவர். எல்லாவற்றுக்கும் மேலே, சனிக்கிழமை மாலை எதிரியின் உறவினர்கள் வார்டுக்குள் போய், அடிபட்டவரிடம் புகார் வேண்டாம் என்று கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அந்தக் கடிதத்தை அவர்களே ஸ்டேஷனில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். எதிரி வெளியே வருவதற்கு முன்பே சாட்சியைக் கலைக்க ஆரம்பித்துவிட்டார்கள்."

கடிதத்தின் நகல் மேசைக்குப் போனது. மாஜிஸ்ட்ரேட் அம்மா படித்தார். இளவயசுக்காரர், பேச்சு கம்மி. பவுல்துரையைப் பார்த்து, "உங்கள் மனுவில் இது இல்லையே?" என்றார். பவுல்துரை திரும்பி சுபலட்சுமியைப் பார்த்தார். அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. மனு தள்ளுபடி.

வெளியே வேப்பமரத்தடியில் அவள் வேடியப்பனைப் பிடித்துக்கொண்டாள். "இன்னா பெரியவரே இது? ஒண்ணும் இல்லன்னீங்களே?"

வேடியப்பனுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "நல்லது பண்ணிட்டுத்தாம்மா வந்தோம். தட்டுல பழம், பூவு, வேட்டி துண்டு எல்லாம் வச்சி எடுத்துகினு போனோம். எங்க புள்ள தப்பு பண்ணிட்டான், மன்னிச்சிடுன்னு அந்த டிரைவரு கையப் புடிச்சிகினு சொன்னேன். எங்க ஊர்ல எந்தத் தகராறுன்னாலும் தட்டு வச்சிட்டா முடிஞ்சிபோச்சி. அவரும் சரின்னாரு. அதான் ஒரு லெட்டரு எழுதி வாங்கிகினு ஸ்டேஷன்ல குடுத்தேன். எஸ்.ஐ. என்னத் திட்டி அனுப்பிட்டாரு. எதுக்கு வீண் பேஜாருன்னு உங்க கிட்ட சொல்லல."

சுபலட்சுமிக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் பொய் சொல்லவில்லை. அவர் மனசில் அது மன்னிப்புத்தான். முப்பது வருஷமாக அதைச் செய்து எத்தனையோ குடும்பங்களைச் சேர்த்துவைத்த மனுஷன். அந்தத் தட்டேதான் கோர்ட்டில் சாட்சியைக் கலைத்த குற்றமாகப் போய் நின்றுவிட்டது.

"எத்தன பேர் போனீங்க?"

"ரெண்டு பேரும்மா. நானும் என் தம்பியும்."

ரேணுகாதேவி மறுபடி தலையைக் குனிந்தாள். இந்த முறை சுபலட்சுமி பார்த்துவிட்டாள். வேடியப்பனைத் தண்ணீர் பாட்டில் வாங்கிவர அனுப்பிவிட்டு, "நீ சொல்லும்மா" என்றாள்.

"எட்டுப் பேருக்கா" என்றாள் ரேணுகாதேவி. "மாமாவோட பங்காளிங்க எல்லாரும். நான் வேணாம்னு சொன்னேன். பொம்பள பேச்ச யாரு கேக்குறா?"

அன்றைக்கே சுபலட்சுமி ரேணுகாதேவிக்கும் வேடியப்பனுக்கும் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாள். இனிமேல் அந்த டிரைவர் இருக்கிற பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்கக் கூடாது. போன் கூடாது. ஆள் மூலம் சொல்லி அனுப்பக் கூடாது. கோயில் பிரசாதம் என்றால்கூடக் கூடாது.

அதற்கப்புறம் ஆறு நாள் அவள் அலைந்த அலைச்சலை ஒரு வக்கீலும் அலைய மாட்டார். மனு ஒருமுறை தள்ளுபடியானால், அதே காரணத்தோடு மறுபடி போய் நிற்க முடியாது. நிலைமை மாறியிருக்கிறது என்று காட்ட வேண்டும். மேலே திருவண்ணாமலைக்குப் போய் மாவட்ட நீதிமன்றத்தில் கேட்கலாம். ஆனால் அந்தக் கடிதம் அங்கேயும் கூடவே வரும். சனிக்கிழமை அருள்தாஸை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று தெரிந்தது. திங்களன்று எக்ஸ்ரே அறிக்கை வந்தது, எலும்பு முறிவு இல்லை. காயச் சான்றில் சாதாரணக் காயம் என்று டாக்டர் எழுதியிருந்தார். போலீஸ் முக்கியமான சாட்சிகளை விசாரித்து வாக்குமூலம் பதிந்துவிட்டது. மூங்கில் கோலும் அவர்கள் கையில். கிராம நிர்வாக அலுவலரிடம் குடியிருப்புச் சான்று, ரேஷன் கார்டு, நெசவாளர் சங்கத்தில் ஒன்பது வருஷமாக உறுப்பினர் என்ற கடிதம், எல்லாவற்றையும் அவளே போய் வாங்கினாள். கலசப்பாக்கத்துக்கும் பஸ் ஏறிப்போய், அக்காவின் ஆதார் அட்டை நகலை வாங்கிவந்தாள். தெரியாத ஊரில் ஒளியவில்லை, கூடப்பிறந்தவள் வீட்டில்தான் இருந்தான் என்று காட்டவேண்டுமே.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இரண்டாவது மனுவைத் தட்டச்சு செய்தாள். முதல் மனு தள்ளுபடியானதை முதல் பக்கத்திலேயே எழுதினாள். அது எழுதியே ஆகவேண்டியது. அதோடு வேடியப்பன் பெயரில் ஒரு பிரமாணப் பத்திரமும் தயார் செய்தாள். அதில், தட்டு எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனது, போனவர்கள் எட்டுப் பேர், அவர்களின் பெயர்கள், கடிதத்தை எழுதியது வேடியப்பன், கையெழுத்து மட்டும் அருள்தாஸ் போட்டது, இது சட்டப்படி தவறு என்று இப்போதுதான் தெரிகிறது, இனி யாரும் அவரை அணுக மாட்டோம் என்று வரிவரியாக இருந்தது.

பவுல்துரை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "சுபாம்மா, எட்டுன்னு நாமளே ஏன் எழுதிக் குடுக்கணும்? உறவினர்கள் சிலர்னு போடுங்க. அது ஒண்ணும் பொய் இல்லையே."

வேடியப்பன் எழுந்தே நின்றுவிட்டார். "எட்டுப் பேருன்னு எழுதினா என்னை ரவுடின்னு நெனப்பாங்கம்மா! ரெண்டு பேருன்னு போடுங்க. யாரு வந்து எண்ணினாங்க?"

"படுத்துகினு இருந்தவன் எண்ணியிருப்பான்" என்றாள் சுபலட்சுமி.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் குமரேசன் காலில் ஒரு டிராக்டர் ஏறிவிட்டது. மூன்றாம் நாள் டிராக்டர்காரர் வீட்டார் தட்டோடு வந்தார்கள். மரியாதையாகத்தான் வந்தார்கள். கட்டிலில் கிடந்த குமரேசனைச் சுற்றி உட்கார்ந்து, அவர் சரி என்று சொல்லும்வரை எழுந்திருக்கவில்லை. அவள் காபி போடுகிற சாக்கில் வாசலுக்குப் போய்ச் செருப்புகளை எண்ணினாள். பன்னிரண்டு ஜோடி. இன்றைக்கும் குமரேசன் பஜாரில் தன் மெக்கானிக் கடைக்குக் காலை இழுத்துக்கொண்டுதான் போகிறார். அந்தப் பன்னிரண்டை மட்டும் அவளால் மறக்க முடியவில்லை. இதை அவர்களிடம் நாலே வரியில் சொன்னாள். சொல்லிவிட்டு, "ரெண்டுன்னு எழுதறதுன்னா வேற ஆளப் பாத்துக்கோங்க சார். சிலர்னு எழுதறதுன்னாலும் அப்படித்தான்" என்றாள்.

இருபத்து மூன்று வருஷத்தில் பவுல்துரையிடம் அவள் இப்படிச் சொன்னதில்லை. அவர் பத்திரத்தை எடுத்து வேடியப்பனிடம் நீட்டினார். பெரியவர் அதை வாங்கிப் படித்துவிட்டு, மறுநாள் காலை நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டார். அவர் கையெழுத்துப் போட்டதே பெரிய விஷயம்தான். ஊருக்கே நியாயம் சொல்கிறவர் தன் பிழையைத் தானே எழுதிக் கொடுப்பது லேசுப்பட்ட காரியமா?

வெள்ளிக்கிழமை மனு விசாரணைக்கு வந்தது. சுபலட்சுமி கோர்ட்டுக்குள் நுழைந்தாள். பின் பெஞ்சில் தலைக்கட்டோடு அருள்தாஸ் உட்கார்ந்திருந்தார். போலீஸ் வரச்சொல்லியிருந்தது. இந்த மனுவும் தள்ளுபடியானால் தமிழ்செல்வன் இன்னும் எத்தனை நாள் உள்ளே கிடப்பான் என்று யாராலும் சொல்ல முடியாது. அன்றைக்கு உள்ளே போய்ப் பன்னிரண்டாம் நாள்.

அரசு வழக்கறிஞர் மறுபடியும் சாட்சியைக் கலைத்த விஷயத்தைத்தான் முன்னால் வைத்தார். மாஜிஸ்ட்ரேட் அம்மா மனுவை மூடிவைத்துவிட்டு அருள்தாஸை முன்னே வரச்சொன்னார்.

"ஆஸ்பத்திரியில உங்களை யாராவது மிரட்டினாங்களா?"

அருள்தாஸ் கொஞ்சம் யோசித்தார். "மிரட்டல மேடம். மரியாதையாத்தான் பேசினாங்க. பெரியவரு ஒருத்தரு கையப் புடிச்சிகினு கண்ணுல தண்ணி வுட்டாரு." வேடியப்பனின் முகம் மலர்ந்தது. "ஆனா எட்டுப் பேரு மேடம். கட்டிலச் சுத்தி நின்னுகினாங்க. எனக்குத் தலையத் தூக்கி உக்காரக்கூட முடியல. பக்கத்துல எங்க ஆளு ஒருத்தரும் இல்ல. கையெழுத்துப் போடாத வரைக்கும் போவ மாட்டாங்கன்னு தெரிஞ்சிது. போட்டுட்டேன்."

மலர்ந்த முகம் அப்படியே கருத்தது. தட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படியிருக்கும் என்று இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் சொன்னதில்லை. இன்றைக்குத்தான் முதல்முறை கேட்டார்.

மாஜிஸ்ட்ரேட் அம்மா மனுவைத் திறந்தார். பிரமாணப் பத்திரத்தைத் தேடி எடுத்து, விரலை வைத்து மெதுவாகப் படித்தார். "இதிலும் எட்டுப் பேர் என்றுதான் இருக்கிறது. பெயர்களும் இருக்கின்றன" என்றார். அரசு வழக்கறிஞர் தன் கையிலிருந்த நகலைப் புரட்டிப் பார்த்தார். மறைத்துவிட்டார்கள் என்று சொல்ல அவருக்கு ஒரு எழுத்துகூடக் கிடைக்கவில்லை. "எல்லாம் பதிவிலேயே இருக்கிறது அம்மா" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

"வேடியப்பன் யார்?"

பெரியவர் கையைக் கூப்பிக்கொண்டு எழுந்தார். "நான்தாம்மா. இவரு சொன்னது அத்தனையும் நெசம். எனக்குத் தெரியலம்மா. நான் கும்புடுறேன்னு நெனச்சிகினு அவர நெருக்கிட்டேன்."

உத்தரவு அன்று பிற்பகல் வந்தது. அந்தக் கடிதத்துக்கு எந்த மதிப்பும் தரப்போவதில்லை என்று மாஜிஸ்ட்ரேட் முதலிலேயே எழுதிவிட்டார். பிறகு மற்றதை எடைபோட்டிருந்தார். காயம் சாதாரணமானது, அடிபட்டவர் வீடு திரும்பிவிட்டார். விசாரணையின் முக்கியமான பகுதி முடிந்தது, ஆயுதமும் கைப்பற்றப்பட்டது. முன் வழக்குகள் இல்லை. எதிரிக்குச் சொந்த ஊரில் வீடும் தொழிலும் குடும்பமும் இருக்கின்றன. ஓடியது உண்மை, ஆனால் உடன்பிறந்தவள் வீட்டுக்கு. உறவினர்கள் சாட்சியை அணுகியது தவறு, ஆனால் அதை அவர்களே மறைக்காமல் சொல்லியிருப்பதால், நிபந்தனை விதித்தால் மதிப்பார்கள் என்று இந்த நீதிமன்றம் நம்புகிறது. அந்தக் கடைசி வரியைச் சுபலட்சுமி மூன்று தடவை படித்தாள். நம்புகிறது என்ற சொல்லை ஜாமீன் உத்தரவில் அவள் அதிகம் பார்த்ததில்லை.

நிபந்தனைகள் இவை. தலா பத்தாயிரத்துக்கு இரண்டு பேர் ஜாமீன்தாரராக நிற்க வேண்டும். தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். புகார்தாரரையோ சாட்சிகளையோ நேராகவோ ஆள் மூலமாகவோ அணுகக் கூடாது. மீறினால் ஜாமீன் ரத்தாகும்.

கோர்ட்டு வாசலில் சுற்றிக்கொண்டிருக்கிற ஒரு ஆள் வந்து, ஜாமீன்தாரர் இரண்டு பேரை உடனே ஏற்பாடு செய்கிறேன் என்று ரேணுகாதேவியின் காதில் ஓதினான். சுபலட்சுமி பார்த்த பார்வையில் ஆள் காணாமல் போய்விட்டான். "மொகம் தெரியாதவன் ஜாமீன் நிக்க முடியாதும்மா. இவன் நாளைக்கு ஓடினா யாரு வருத்தப்படுவாங்களோ அவங்கதான் நிக்கணும்." அப்படி நின்றவர்கள் பக்கத்து வீட்டு அந்தோணியம்மாள் டீச்சரும், நெசவாளர் சங்கத்துச் செயலாளரும். திங்கட்கிழமை வீட்டு வரி ரசீது, ஆதார் எல்லாம் காட்டிக் கையெழுத்துப் போட்டார்கள். விடுதலைக் கடிதம் வேலூருக்குப் போனது. செவ்வாய்க்கிழமை காலை தமிழ்செல்வன் வெளியே வந்தான்.

மறுநாள் ஸ்டேஷனில் முதல் கையெழுத்துப் போட்ட கையோடு ரேணுகாதேவி அவனை அழைத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தாள். வேடியப்பனும் வந்தார். தமிழ்செல்வன் இளைத்துப்போயிருந்தான். வாசலிலேயே நின்றுகொண்டிருந்தவனை, "உள்ள வாப்பா, உக்காரு" என்று சுபலட்சுமி இழுத்து உட்காரவைத்தாள். ரேணுகாதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வூட்டுக்கு வந்ததும் மொதல்ல சோறு கேட்டாருக்கா" என்றாள். அந்த ஒரு வரிக்காகச் சுபலட்சுமி இன்னும் இருபது வருஷம் அலைவாள். அப்படிப்பட்ட பிறவி அது.

"அக்கா" என்றான் தமிழ்செல்வன். "எனக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணணும். அந்த டிரைவரு அண்ணன் கால்ல வுழணும். தனியாப் போறேன். தட்டு வேணாம், லெட்டரு வேணாம். மன்னிச்சிடுன்னு ஒரு வார்த்த மட்டும்."

"கூடாது."

"நெஜமாத்தான்க்கா சொல்றேன்."

"நெஜமாத்தான் சொல்றன்னு தெரியுதுப்பா. அதுக்காகத்தான் கூடாதுங்குறேன். நீ போய் நின்னா அந்த மனுஷன் மறுபடியும் சரின்னுதான் சொல்லியாவணும். வேணாம்னு சொல்ற பாத்தியத அவருக்கு இருக்கட்டும்."

வேடியப்பன் தலையைத் தடவிக்கொண்டார். எட்டுப் பேரில் ஒருவராகக் கட்டிலருகே நின்றவர், இன்றைக்கு மருமகனின் தோளைப் பிடித்து நாற்காலியில் அழுத்தினார். "அம்மா சொல்றதக் கேளுடா" என்றார்.

தமிழ்செல்வனின் கண் நிறைந்துவிட்டது. "அப்ப எப்பதான்க்கா சொல்றது?"

"கேசு முடிஞ்சப்பறம்" என்றாள் சுபலட்சுமி. "ஒரு வருஷம் ஆவும், ரெண்டு வருஷமும் ஆவும். அதுவரைக்கும் மறந்துடாம வச்சிரு."

அவன் தலையாட்டினான். அவள் மேசையிலிருந்து அடுத்த கேஸ் கட்டை எடுத்துப் பிரித்தாள். வெளியே இன்னொரு குடும்பம் காத்துக்கொண்டிருந்தது.